பத்து நாள் வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடலாமா?

மனிதவளத் துறை வேலைக்கு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு தொழிலாளி லீவு சொல்லாமல் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை. லீவில்லாமல் எட்டு நாளுக்கு மேல் வராதவர் வேலையில் உரிமை இழப்பார் என்று கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில் இருக்கிறது. வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் அவர் பெயரை அடித்து, 'நீங்களாகவே வேலையை விட்டுவிட்டீர்கள்' என்று கடிதம் அனுப்பிவிடலாமா? பல்கலைக்கழகத் தேர்வுகளிலும் இதே கேள்வி வேறு வேறு சட்டையில் வரும். பாதிப் பேர் 'நிலையாணையிலேயே இருக்கிறதே சார், அனுப்பலாம்' என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அதுதான் சரியான பதிலாக இருந்தது. சென்னை பெரம்பூரின் பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக் மில்லின் நிலையாணையில், எட்டு வேலை நாள் தொடர்ந்து லீவில்லாமல் வராதவர் வேலையை விட்டுப் போனவராகவே கருதப்படுவார் என்று இருந்தது. வெங்கடய்யா என்ற தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்து, 1993-இல், டி.கே. யாதவ் வழக்கில் நிலைமை மாறியது. அங்கேயும் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்றுதான் நிர்வாகம் பெயரை நீக்கியிருந்தது. 'நான் வந்தேன், கேட்டில்தான் உள்ளே விடவில்லை' என்றார் தொழிலாளி. விதி எப்படி எழுதப்பட்டிருந்தாலும், ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டு விசாரித்தாக வேண்டும் என்று சொல்லி, பாதிச் சம்பள நிலுவையோடு அவரை மறுபடி வேலையில் வைக்க உத்தரவிட்டது நீதிமன்றம். அதிலிருந்து, ஆள் வராததும் ஒரு குற்றச்சாட்டுதான், அதற்கும் சார்ஜ் மெமோ, என்கொயரி எல்லாம் வேண்டும் என்றாகிவிட்டது.

2024-இல் நான் இருந்த தொழிற்சாலையில் அப்படி ஒரு கேஸ் வந்தது. கோவைக்கு வெளியே, பம்ப் உதிரி பாகங்கள் வார்க்கும் ஃபவுண்டரி. மோல்டிங் பிரிவில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர், தேனி மாவட்டத்துக்காரர். நவம்பர் 18, திங்கட்கிழமை முதல் வரவில்லை. ஆர்டர் நெருக்கடியான நேரம். பிளான்ட் மேனேஜர் பத்தாவது நாளே என்னிடம், 'பெயரை அடிச்சு லெட்டர் போடுங்க' என்றார். நான் யாதவ் வழக்கைச் சொன்னேன். 'அப்ப சீக்கிரம் என்கொயரி வெச்சு அனுப்புங்க' என்றார். என்கொயரியின் முடிவு அவர் மனதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. இந்தத் தொழிலில் அது புதிதில்லை.

முதல் வேலை, கடிதம் ஆள் கையில் போய்ச் சேர வைப்பது. நவம்பர் 25-ஆம் தேதி, உடனே வேலைக்குத் திரும்பும்படி ஒரு கடிதம் ஏற்கெனவே பதிவுத் தபாலில் போயிருந்தது. கோவையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டு விலாசம். 'வீடு பூட்டியுள்ளது' என்று திரும்பி வந்தது. இந்த இடத்தில் நிறைய பேர் திருப்தியாகிவிடுவார்கள்: அனுப்பினோம், கவர் இருக்கிறது, போதும் என்று. போதாது. உறையின் மேல் தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தால் சேர்ந்ததாகவே கொள்ளலாம். 'ஆள் இல்லை', 'வீடு பூட்டியுள்ளது' என்று திரும்பினால், சேரவில்லை என்றுதான் அர்த்தம். ஒரே ஒரு முறை அனுப்பித் திரும்பி வந்த சார்ஜ் மெமோவை வைத்து நடத்திய நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதனால் அவருடைய பி.எஃப். நாமினேஷன் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். சொந்த ஊர் விலாசம் இருந்தது. டிசம்பர் 6-ஆம் தேதி சார்ஜ் மெமோவை இரண்டு விலாசத்துக்கும் அனுப்பி, நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். ஊர் விலாசத்துக்குப் போனது அவர் கையெழுத்தோடு ஒப்புகை அட்டையாகத் திரும்பியது. அதிலும் கிடைக்காமல் போயிருந்தால், அந்தப் பகுதியில் படிக்கிற தமிழ் நாளிதழில் விளம்பரம் கொடுத்த பிறகே அவர் இல்லாமல் விசாரணை நடத்தியிருப்போம்.

மெமோவின் வாசகத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மேனேஜர் சொல்லி எழுதிய வரைவில், 'நீங்கள் பொறுப்பற்ற முறையில் நடந்து நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டம் ஏற்படுத்திய குற்றத்தைச் செய்துள்ளீர்கள். உங்களை ஏன் டிஸ்மிஸ் செய்யக் கூடாது?' என்று இருந்தது. இதில் ஒரு தேதிகூட இல்லை. அதைவிட மோசம், குற்றம் செய்துவிட்டார் என்று முடிவு கட்டி, தண்டனையையும் சொல்லிவிடுகிறது. விசாரணைக்கு முன்பே மனதை மூடிக்கொண்டார்கள் என்று காட்ட எதிர்த்தரப்புக்கு இந்த ஒரு வரி போதும். டைம் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்த பெரியவர் ஒருவர் பேனாவை எடுத்து அதை மாற்றினார். நவம்பர் 18 முதல் டிசம்பர் 5 வரை முதல் ஷிஃப்ட்டுக்கு முன் அனுமதியின்றி வரவில்லை 'என்று கூறப்படுகிறது'. அது நிரூபிக்கப்பட்டால் நிலையாணையின் இன்ன பிரிவின்படி, பத்து நாளுக்கு மேல் லீவின்றி வராதிருத்தல் என்ற தவறாகும். லீவைத் தெரிவிக்கும் விதிமுறையைக் கடைப்பிடிக்காதது இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரவும். அவ்வளவுதான். நிலையாணையில் தவறு என்று பட்டியலிடாத ஒன்றுக்காகத் தண்டிக்க முடியாது, ஆகவே பிரிவு எண் முக்கியம். மெமோ தேதிக்குப் பிறகு வராத நாட்களை அந்த மெமோவுக்குள் பின்னால் சொருகவும் முடியாது. இது எங்கள் கேஸில் பின்னால் பெரிய விஷயமாயிற்று.

வேலைக்கு வராத ஆளை சஸ்பெண்ட் செய்வதில் அர்த்தமில்லை, அதனால் சஸ்பெண்ட் காலத்தில் தரும் பிழைப்பூதியப் பேச்சு வரவில்லை. அடிதடி, திருட்டு மாதிரி கேஸ்களில் அது வரும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுசு. தேர்வுகளில் மத்திய சட்டத்தின் கணக்கை மட்டும் எழுதுகிறவர்கள் மூன்றாவது படியை விட்டுவிடுவார்கள்.

அவருடைய பதில் டிசம்பர் 12-ஆம் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, மதுரை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், அன்றைக்கே ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு போன் செய்தேன் என்று எழுதியிருந்தார். அதைத் திருப்தி இல்லை என்று எடுத்துக்கொண்டு, ஜனவரியில் என்கொயரி வைத்தோம். நிர்வாகம் நியமித்த விசாரணை அதிகாரி வெளி ஆள், தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். நான் நிர்வாகத் தரப்புப் பிரதிநிதி. தொழிலாளிக்குத் துணையாக அவருடைய சங்கத்தின் செயலாளர். புகார் கொடுத்தவரோ, மெமோவில் கையெழுத்துப் போட்டவரோ, சாட்சி சொல்லப் போகிறவரோ விசாரணை அதிகாரியின் நாற்காலியில் உட்காரக் கூடாது. சின்னக் கம்பெனிகளில் மேனேஜரே சாட்சி, மேனேஜரே விசாரணை அதிகாரி, மேனேஜரே தீர்ப்பு என்று நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன ஆதாரம் இருந்தாலும் வீண்.

முதல் நாள் விசாரணை அதிகாரி குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். மறுத்தார். உடனே என் பக்கம் திரும்பி, 'உங்க சாட்சியைக் கூப்பிடுங்க' என்றார். தொழிலாளியைத்தான் முதலில் குடைவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்த மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் முறை அதுதான். குற்றம் சொல்கிறவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். தொழிலாளியை உட்கார வைத்துக் குறுக்குக் கேள்வியில் தொடங்கும் விசாரணைகளை நீதிமன்றங்கள் பல முறை கண்டித்திருக்கின்றன.

டைம் ஆபீஸ் கிளார்க் வருகைப் பதிவேட்டையும் பஞ்சிங் பதிவையும் கொண்டுவந்தார். அதில் சண்டை இல்லை. அடுத்து சூப்பர்வைசர். நான் கேட்டபோது, எந்தத் தகவலும் வரவில்லை என்றார். சங்கச் செயலாளர் எழுந்தார். குரலே உயர்த்தவில்லை.

'ஏனுங்க தம்பி, பதினேழாந் தேதி சாயங்காலம் உங்களுக்கு போனே வரலீங்களா?'

'போன் வந்துச்சு... ஆனா லீவு லெட்டர் கொடுக்கலையே.'

'போன்ல என்னங்க சொன்னாப்ல?'

'அப்பாக்கு அடிபட்டுருச்சு, ரெண்டு மூணு நாள் வர முடியாதுன்னான்.'

அந்த நாலு வரியையும் விசாரணை அதிகாரி கேள்வி-பதிலாக, சொன்ன சொல் மாறாமல் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நகல் அன்றே தொழிலாளி கைக்குப் போனது. குறுக்கு விசாரணை எதற்கு என்று புத்தகத்தில் நாலு பக்கம் படிப்பதைவிட, 'எந்தத் தகவலும் வரவில்லை' என்பது 'போன் வந்துச்சு' என்று ஆன அந்த நிமிஷத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். சூப்பர்வைசர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தகவல் என்றால் லீவு லெட்டர். அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் போட்டோ வந்தது. எங்கள் தொழிலாளி ஒரு குட்டியானை வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வாழைத்தார் லோடு. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியிருக்கிறது. அப்பாவைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு லோடு அடிக்கிறான் பார் என்று மேனேஜர் கொதித்தார். அந்தப் படத்தை நேராக விசாரணை அதிகாரியின் போனுக்கு அனுப்பிவிட்டார். அவர் பதிலே போடவில்லை. அடுத்த அமர்வில், இப்படி ஒரு படம் நிர்வாகத்திடமிருந்து எனக்கு வந்தது, இது சாட்சியத்தில் சேராதவரை நான் இதைக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்று முதல் வரியாகப் பதிவு செய்தார். அப்புறம் என்னிடம், 'வேணும்னா முறைப்படி மனு கொடுத்து, எடுத்தவரைச் சாட்சியாக் கொண்டு வாங்க. நகல் அவருக்குக் கொடுங்க. பார்த்துட்டுக் கேள்வி கேட்க ஒரு வாரம் கொடுக்கிறேன்' என்றார்.

உள்விசாரணையில் சாட்சியச் சட்டம் வரிக்கு வரி பொருந்தாது. கேட்டறிந்த சாட்சியம்கூட நம்பும்படி இருந்தால் ஏற்கலாம். கோர்ட்டு மாதிரி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். ஆனால் தளர்வு அங்கே நின்றுவிடுகிறது. யாரைப் பாதிக்கப் போகிறதோ அவர் கண்ணில் காட்டாத காகிதத்தை வைத்து முடிவு எழுத முடியாது.

படத்தை எடுத்தவர் எங்கள் ஃபெட்லிங் பிரிவிலேயே இருந்தார், அதே ஊர்ப் பக்கம். வந்து, நான்தான் எடுத்தேன் என்றார். செயலாளர் படத்தின் பிரதியை மேசையில் வைத்து, வண்டிக்குப் பின்னால் மூலையில் தெரிந்த தகரக் கொட்டகையைக் காட்டினார். மேலே துணிப் பேனர்: தீபாவளி பட்டாசு விற்பனை. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. தீபாவளி முடிந்த கையோடு பிரித்துவிடும் கொட்டகை எப்படி நவம்பர் கடைசியில் நிற்கும் என்று கேட்டார். சாட்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது எடுத்ததுதான், பிறகு பேச்சு வந்தபோது குரூப்பில் போட்டேன் என்றார். ஃபார்வர்டு ஆகி வந்த படத்தில் தெரிந்தது அனுப்பிய தேதி, எடுத்த தேதி இல்லை. தொழிலாளி தன் மச்சானின் வண்டியை லீவு நாளில் ஓட்டுவது யாருக்கும் எதிரான குற்றமும் இல்லை.

அந்தப் படம் ரகசியமாகவே விசாரணை அதிகாரியின் போனில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. நாங்கள் எல்லாருமே அதை நம்பியிருந்தோம்.

தொழிலாளி தன் தரப்பில் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கொடுத்தார். நவம்பர் 17 சேர்க்கை, 27 விடுவிப்பு. நான் குறுக்கு விசாரணையில் கேட்டது ஒன்றுதான்: 28-ஆம் தேதியிலிருந்து ஏன் ஒரு போன்கூட இல்லை? அப்பாவை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலை போயிருக்கும் என்று பயந்து போன் செய்யவில்லை என்றார்.

அறிக்கை வந்தது. நவம்பர் 18 முதல் 27 வரை அவர் வராததற்கு நம்பத்தக்க காரணம் இருந்தது, தகவலும் ஓரளவு சொல்லப்பட்டது. அதை வேண்டுமென்றே செய்த தவறாகக் கொள்ள முடியாது. 28 முதல் டிசம்பர் 5 வரை காரணம் போதாது. அது எட்டு நாள். மெமோவில் எழுதியிருந்த பிரிவு பத்து நாளுக்கு மேல் என்கிறது. ஆகவே முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. தகவல் தரும் விதிமுறையை மீறிய இரண்டாவது குற்றச்சாட்டு, அந்த எட்டு நாளளவில் நிரூபணம். வேண்டுமென்றே வராதிருந்தார் என்று காட்டாமல், வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் என்ற அரசு ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அதிகாரி எடுத்துக்காட்டியிருந்தார்.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. 'நம்ம காசு வாங்கிட்டு நமக்கே எதிரா எழுதியிருக்காரே' என்றார். விசாரணை அதிகாரியின் முடிவு நிர்வாகத்தைக் கட்டாதுதான். அதை ஏற்காமல் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் அதற்கான காரணங்களை எழுதி, தொழிலாளிக்கு அனுப்பி, அவர் பதிலைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். எந்த ஆதாரத்தை வைத்துக் காரணம் எழுதுவது என்று கேட்டேன். பட்டாசுக் கொட்டகையைப் பற்றி அவரும் பேசவில்லை.

டிஸ்மிஸ் என்றே போயிருந்தாலும் இன்னும் சில படிகள் இருந்தன என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன் மேல் அவர் கருத்தைக் கேட்க வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்கிலிருந்து இதைத் தவிர்க்க முடியாது. பழைய வார்னிங் கடிதங்களைத் தண்டனைக்குக் காரணமாக்கப் போகிறோம் என்றால், அவை என்னென்ன என்று இரண்டாவது நோட்டீஸில் சொல்லிவிட வேண்டும். இவருக்குப் பதினொரு வருஷத்தில் இரண்டு வார்னிங், இரண்டுமே லேட்டாக வந்ததற்கு. அதை வைத்து டிஸ்மிஸ் என்று போனால், தண்டனை அதிகம் என்று தோன்றினாலே போதும், தொழிலாளர் நீதிமன்றம் அப்போதைய தொழிற்தகராறுச் சட்டத்தின் 11ஏ பிரிவில் அதைக் குறைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்த நேரத்தில் சம்பள உயர்வுக் கோரிக்கை தொழிலாளர் உதவி ஆணையர் முன் சமரசத்தில் நிலுவையில் இருந்தது. அப்படி இருக்கும்போது ஒருவரை டிஸ்மிஸ் செய்தால், அதே சட்டத்தின் 33(2)(பி) பிரிவுப்படி ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டு உதவி ஆணையரிடமே மனுப் போட வேண்டும். டிஸ்மிஸ் ஆணை, பணம், மனு மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். மனுவே போடவில்லை, அல்லது ஒப்புதல் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆணை இல்லாத மாதிரிதான். ஆள் வேலையிலேயே தொடர்ந்தவராகிவிடுவார். ஜெய்ப்பூர் கூட்டுறவு வங்கி வழக்கில் 2002-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்த்த விஷயம் இது. தேர்வில் இந்தப் பிரிவைச் சரியாக எழுதுகிறவர்கள்கூட, அலுவலகத்தில் சமரசம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் அறிக்கை நகலை அனுப்பி, அவர் பதிலை வாங்கி, இரண்டு நாள் சம்பளமில்லாத தற்காலிக நீக்கத்தோடு முடித்தோம். எங்கள் நிலையாணையில் அந்தத் தண்டனைக்கு உச்சவரம்பு நாலு நாள். வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அது தண்டனைக் கணக்கில் வராது.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 300 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு நிலையாணை கட்டாயமில்லை என்கிறது. சஸ்பெண்ட் செய்தால் சாதாரணமாக 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, புதிதாகப் படிக்கிறவர்கள் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. மெமோவைச் சேர்ப்பது, சாட்சியை எதிரில் வைத்து விசாரிப்பது, நகல் கொடுப்பது எல்லாம் நீதிமன்றங்கள் வகுத்த முறை; எண் மாறியதால் அவை மாறவில்லை.

அந்த கேஸுக்குப் பிறகு, தொழிலாளி போனில் சொல்லும் லீவை நேரத்தோடு ஷிஃப்ட் லாக் புக்கில் எழுதும்படி சூப்பர்வைசர்களுக்குச் சுற்றறிக்கை விட்டோம். அடுத்து வந்த என்கொயரியில் சங்கச் செயலாளர் முதல் மனுவிலேயே கேட்டது அந்த லாக் புக்கைத்தான்.